ஐம்பத்தைந்து மில்லி

நான் வேலை பார்ப்பது கொல்கத்தாவில், கார்டன் ரீச் பக்கம் ஒரு ரப்பர் செருப்புத் தொழிற்சாலையின் சோதனை அறையில். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். கண்ணாடிக் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்து, பிறகு அளவு பார்க்கும் வேலைக்கு வந்தேன். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். அளவுக் குழாயோடு இருப்பது எனக்கு ஒத்துவந்தது.

ரப்பர் மாவில் ஒரு மஞ்சள் பொடி சேர்ப்பார்கள். அச்சில் சூடு ஏறியதும் அந்தப் பொடி சிதைந்து வாயு ஆகும். அந்த வாயுதான் செருப்பின் அடிப்பகுதியை உப்ப வைக்கிறது. வாயு குறைந்தால் செருப்பு தட்டையாக, கட்டையாக வரும். அதனால் பொடி மூட்டை வந்ததும், கால் கிராம் எவ்வளவு வாயு தருகிறது என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

கால் கிராமை ஒரு சோதனைக் குழாயில் போட்டு, அதை எண்ணெய் நிரம்பிய அளவுக் குழாயோடு இணைப்பேன். சோதனைக் குழாயைக் கொதிசூட்டில் இறக்கினால் பொடி சிதையும். வாயு எண்ணெயைக் கீழே தள்ளும்; தள்ளிய எண்ணெய் பக்கத்தில் இணைத்திருக்கும் பாத்திரத்துக்குப் போகும். தள்ளுவது நின்றதும் உடனே அளவு எடுக்கக் கூடாது. சூடான வாயு தன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். குழாயை வெளியே எடுத்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, அந்தப் பாத்திரத்தின் எண்ணெயையும் குழாயின் எண்ணெயையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே படிக்க வேண்டும்.

இதன் காரணங்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கெமிஸ்ட். ஈரோட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் வந்த பிறகுதான் வேலை இடத்தில் தமிழ் பேச எனக்கு ஒரு ஆள் கிடைத்தது. நான் அவரை ‘சார்’ என்பேன். அவர் என்னை ‘அக்கா’ என்பார். ரசம் கொண்டுபோனால் டிபன் டப்பாவை வழித்துவிடுவார்.

“கார்ல மோதினா ஒரு பை உப்பி முகத்தைத் தாங்குதில்லீங்களாக்கா, அதுவும் இதே கதைதான். திடமா இருக்கிறது கண்ணிமைக்கிறதுக்குள்ள வாயு ஆகுது. நம்மது சோம்பேறிப் பொடி, அவ்வளவுதான்” என்பார்.

இன்னொன்றும் சொன்னார். “ஐம்பது மில்லின்னு சும்மா சொன்னா அது அளவே இல்லைங்கக்கா. எந்தச் சூட்டுல, எந்த அழுத்தத்துலன்னு சொல்லோணும். மே மாசத்து ஐம்பது வேற, ஜனவரி ஐம்பது வேற.” அதனால்தான் பொடி விற்பவரும் வாங்குபவரும் பூஜ்யம் டிகிரி, எழுநூற்று அறுபது மில்லிமீட்டர் அழுத்தம் என்று ஒரு பொது நிலைக்கு மாற்றிப் பேசுகிறார்கள். கணக்கை அவர் ஒரு தாளில் போட்டுக்காட்டினார். நான் அதை என் குறிப்பு நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

பதிவேட்டில் இரண்டு கட்டங்கள். ‘படித்த அளவு’ நான் எழுதுவேன். ‘பொது நிலை அளவு’ அவர் கணக்குப் போட்டு எழுதுவார். பொது நிலையில் ஐம்பத்து மூன்றே முக்கால் மில்லிக்குக் குறைந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த மே மாதம் ஒரு பெரிய லோடு வந்தது. அறையில் முப்பத்தாறு டிகிரி. நான் படித்தது ஐம்பத்தைந்து மில்லி. கெமிஸ்டுக்கு அன்று ஹவுராவில் ஊருக்கு ரயில். பையை மாட்டிக்கொண்டே இரண்டாவது கட்டத்திலும் ஐம்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“வந்து சரியாப் போட்டுக்கறனுங்கக்கா.”

வந்தார். போடவில்லை. நானும் கேட்கவில்லை.

துர்கா பூஜைக்குப் பிறகு அந்தப் பொடியை உபயோகத்துக்கு எடுத்தார்கள். குளிர் தொடங்கியபோது கடைகளிலிருந்து செருப்புகள் திரும்பின. பலகை மாதிரி இருக்கிறது என்றார்கள். மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். வங்காளி, சத்தம் போடாத மனிதர். அந்த லோடிலிருந்து எடுத்து முத்திரையிட்டு வைத்திருந்த மாதிரிப் புட்டியை எடுத்து, “திதி, இதை என் கண் முன்னால் மறுபடி பாருங்கள்” என்று வங்காளத்தில் சொன்னார். அக்காவுக்கு அங்கே திதி.

பார்த்தேன். அன்று அறையில் இருபது டிகிரி. ஐம்பத்தொன்று புள்ளி ஆறு வந்தது.

“அன்றைக்கு ஐம்பத்தைந்து எப்படி வந்தது?” என்றார் மேனேஜர்.

நான் கெமிஸ்டைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஹிந்தியில் சொன்னார்: “இவங்க குழாய் ஆறுவதற்கு முன்னாலேயே படித்துவிடுவாங்க சார். பல தடவை சொல்லியிருக்கிறேன்.”

மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாளையிலிருந்து பேக்கிங் பக்கம் உட்காருங்கள், பிறகு பேசலாம்” என்று போய்விட்டார்.

பத்தொன்பது வருடமாக நான் ஒரு குழாயைக்கூடச் சூட்டோடு படித்ததில்லை. என்னிடம் இருந்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

சாப்பாட்டு நேரத்தில் குறிப்பு நோட்டை எடுத்தேன். மே மாதப் பக்கத்தில் சூடும் அழுத்தமும் என் கையெழுத்தில் இருந்தன. முப்பத்தாறு டிகிரி, எழுநூற்று ஐம்பத்திரண்டு. இன்றைக்கு இருபது, எழுநூற்று அறுபது. ஒட்டிவைத்த தாளைப் பார்த்து இரண்டையும் பொது நிலைக்கு மாற்றினேன். மே மாதத்து ஐம்பத்தைந்தும் நாற்பத்தெட்டு புள்ளி ஒன்று. இன்றைக்கு வந்ததும் நாற்பத்தெட்டு புள்ளி ஒன்று. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். நான் படித்ததில் பிசகு இல்லை. பொடிதான் மட்டம்.

கெமிஸ்ட் பதற்றத்தில் மறந்திருப்பார் என்று நினைத்து, கணக்குப் போட்ட தாளை அவரிடமே கொண்டுபோனேன்.

“தெரியுமுங்கக்கா” என்றார் பார்க்காமலே. “ரெண்டாவது கட்டத்துல என் கையெழுத்து இருக்குது. அடுத்த மாசம் எனக்குப் பிரமோஷன். உங்களுக்கென்ன, பேக்கிங்லயும் அதே சம்பளம்தானே. கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க.”

“அப்ப நான் தப்பாப் படிச்சேன்னு இருக்கட்டுமா சார்?”

“அதை யாரு ஞாபகம் வச்சுக்கப் போறாங்க.”

நான் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். மேனேஜர் அறைக் கதவு வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே கதவைத் திறந்தார். வங்காளம் திக்கியது. தாளையும் நோட்டையும் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் தன் செல்போனில் கணக்கைப் போட்டார். பதிவேட்டை வரவழைத்தார். இரண்டு கட்டத்திலும் ஒரே எண் இருந்ததைப் பார்த்ததும் கெமிஸ்டைக் கூப்பிட்டார்.

“தற்காலிகமா எழுதினது சார். திரும்பி வந்ததும் இவங்க ஞாபகப்படுத்தியிருக்கணும்” என்றார் கெமிஸ்ட்.

“ஞாபகப்படுத்தினீர்களா, திதி?”

“இல்லை” என்றேன். அது உண்மைதான்.

மேனேஜர் பதிவேட்டை மூடினார். மறுநாள் பேக்கிங் போக வேண்டாம், என் மேஜையிலேயே இருக்கலாம் என்றார். இனி இரண்டு கட்டத்தையும் நானே எழுத வேண்டும், கெமிஸ்ட் சரிபார்க்க வேண்டும் என்றார். கடைக்காரர்களுக்குப் போன கடிதத்தில் ‘ஆய்வகத்தில் நேர்ந்த தவறு’ என்று மட்டும் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் எம்.எஸ்ஸி. படித்தவர்.

அவருக்குப் பிரமோஷன் வந்தது. அதே அறையில் கொஞ்சம் பெரிய நாற்காலி. என்னிடம் இப்போது ஹிந்தியில் பேசுகிறார். நான் ரசம் ஒருவருக்குத்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.

போன வாரம் கை கழுவும் இடத்தில் பேக்கிங் பெண் ஒருத்தி, நல்லவள்தான், என் பக்கம் குனிந்து கேட்டாள்: “ஏன் திதி, சூடு ஆறுவதற்குள் படித்துவிட்டீர்களாமே?”

“இல்லை” என்றேன். அதற்கு மேல் சொல்வதென்றால் வெயில் காலத்திலிருந்து தொடங்கி அழுத்தம், பூஜ்யம் டிகிரி எல்லாம் சொல்லியாக வேண்டும். நான் தொடங்குவதற்குள் அவள் குழாயை மூடிவிட்டுக் கையை உதறிக்கொண்டே போய்விட்டாள்.