மேஸ்திரி கிழித்த கோடு

இராஜபாளையத்துப் பஞ்சாலையில் அருளப்பனுக்குக் கழிவுப்பஞ்சு கூட்டும் வேலை. வயது பத்தொன்பது. அவனுக்கும் நூற்பு மிஷினுக்கும் நடுவே ஒரே ஒரு சுண்ணாம்புக் கோடு. அதைச் சுவரில் கிழித்தவர் மேஸ்திரி சோணைமுத்து. எட்டித் தொட்டவனுக்கு மிஷின், தொடாதவனுக்குத் துடைப்பம். அருளப்பனுக்கு இரண்டு விரல்கடை குறைந்தது.

"ஏலே, உங்க ஆத்தா அளந்து பெத்தாளா? வளந்துட்டு வா, பாப்போம்."

இப்படியே இரண்டு வருஷம். அதற்குள் அருளப்பன் புளியங்கிளையில் தொங்கிப் பார்த்தான், பச்சை முட்டை குடித்தான். உள்ளங்கை காய்த்ததுதான் மிச்சம். மிஷின் ஆசை பாதி, மேஸ்திரியை அதே கோட்டடியில் தலைகுனிய வைக்கும் ஆசை மீதி.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் ஞானரத்தினம் அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். அதனாலேயே அவரிடம் கூட்டம் குறைவு.

"குரல் எப்ப உடைஞ்சது?"

"பதினாலுலேயே, டாக்டரம்மா."

"போன ரெண்டு வருஷத்துல எம்புட்டு ஏறுச்சு?"

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கயில அஞ்சடி ரெண்டு. இப்பவும் அதேதான்."

"அப்ப கேட்டுக்கோ தம்பி. கை கால் எலும்போட நுனியில குருத்து இருக்கும். அது வளர்ற வரைக்கும்தான் உசரம். ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினேழு பதினெட்டுக்குள்ள அது கெட்டி எலும்பாயிரும். குரல் பிந்தி உடைஞ்சிருந்தா ஒண்ணு ரெண்டு அங்குலம் எதிர்பாக்கலாம். உனக்கு வந்தா கால் அங்குலம், வராதுன்னே வச்சுக்கோ. தொங்குறதாலயும் முட்டையாலயும் எலும்பு நீளாது."

அவன் அழுவான் என்று நினைத்தார். அவன் யோசித்தான்.

"சனிக்கிழமை நீங்க மில்லுல எல்லாரையும் அளந்து பதியப் போறியளாமே. மேஸ்திரியையும் அளப்பியளா?"

"எல்லாரையும்தான்."

"தலைப்பாவைக் கழட்டிட்டா?"

"வேற எப்படி அளக்க?"

சனிக்கிழமை மானேஜர் பக்கத்தில் நிற்க, ஆட்கள் வரிசையாய் வந்தார்கள். மேஸ்திரி மட்டும் தம் முறை வந்ததும் வயிற்றுவலி என்றார். "அதையும் பாத்துருவோம், நிமிந்து நில்லுங்க" என்றார் டாக்டர். முழம் முழமாய்ச் சுற்றிய தலைப்பாகை இறங்கியது. கட்டைச் செருப்பும் இறங்கியது. மேஸ்திரி இறங்கிக்கொண்டே போனார்.

"அஞ்சடி ஒண்ணரை" என்று சத்தமாகப் படித்தார் குமாஸ்தா.

அருளப்பன் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "மேஸ்திரி, அந்தக் கோட்டை ஒருக்காத் தொட்டுக் காட்டுங்க. நாங்களும் கத்துக்குவோம்."

மானேஜர், "ஆமா, தொடும்" என்றார். மேஸ்திரி நுனிக்காலில் நின்று எக்கினார். மூன்று விரல்கடை இடைவெளி அப்படியே நின்றது. கூட்டம் இருமிற்று. சிரிப்பை அடக்க அந்தக் காலத்தில் வேறு வழியில்லை.

"கோட்டை எட்டாத ஆளுக்கு இத்தனை வருஷம் மிஷின் பொறுப்பைக் குடுத்திருக்கோமேய்யா" என்றார் மானேஜர். ஏறி நிற்க ஒரு முக்காலி வந்தது. அருளப்பனுக்கு மிஷினும் வந்தது.

அவன் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மேஸ்திரி, ஒங்க வயசுக்கு உசரம் இனிமே குறையத்தானாம், டாக்டரம்மா சொன்னாக" என்று போகிறபோக்கில் போட்டான். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவேயில்லை. அன்று முதல் சோணைமுத்து தம் வீட்டு நிலைக்காலில், விடிந்ததும் முதல் வேலையாகத் தம்மைத் தாமே அளந்து கோடு போட்டுக்கொள்வதாகக் கேள்வி.