எனக்கே பதில் எழுதிய இயந்திரம்

கல்லூரியில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், மன்னார்குடியில் ஒரு விதைக்கடையில் பங்குதாரரானேன். கடையின் வாடிக்கையாளர்களான விவசாயிகளுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. அங்கே எழும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் எழுத 'பாட்' என்னும் கணினி நிரல் ஒன்றை அமர்த்தினோம். அது சொல்ல வேண்டிய பதில்கள் அனைத்தையும் நானே இயற்றினேன். பிழையற்ற தமிழில் பேசும் விதைக்கடை இந்த வட்டாரத்தில் அது ஒன்றே என்ற பெருமை எனக்கு உண்டு.

கணினி வேலையைக் கவனிக்கும் பெண் கூத்தாநல்லூரிலிருந்து வருபவர். ஒரு விதி வேண்டும் என்றார். "ரெண்டு தடவை சொல்லியும் கேட்டவங்களுக்குச் சரியாகலைன்னா, இல்ல ஆளு வேணும்னு கேட்டாங்கன்னா, இல்ல அதுக்குத் தெரியாத கேள்வின்னா, பாட் ஒதுங்கிக்கணும் சார். 'எங்க ஆளு வர்றாங்க'ன்னு குழுவுல சொல்லிட்டு எனக்குத் தகவல் அனுப்பும்."

"நம்ம கடைக்குத் தெரியாததும் உண்டுன்னு நாமே ஊருக்கு அறிவிக்கணுமாம்மா?"

"நாம சொல்லலைன்னா ஊரு சொல்லும் சார்."

அந்த விதியை நீக்கச் சொன்னேன். நீக்கினார்.

சம்பா நாற்று விடும் பருவம். ஒரு காலையில் கடைமடைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் விவசாயி குழுவில் எழுதினார்: "சாக்குல கட்டுன விதை ஒண்ணுகூட முளைக்கலைங்க. நாத்தங்கால் உழுது கெடக்கு. வாய்க்கால்ல முறைத்தண்ணி நாளையோட நின்னுரும்."

பாட் பதிலளித்தது: "வணக்கம். விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஒரு நாள் ஈரச்சாக்கில் மூடி வைத்தல் நலம்."

"அதத்தாங்க செஞ்சேன்." ரகத்தையும், மூட்டையில் அச்சிட்டிருந்த லாட் எண்ணையும் எழுதினார். பாட் அதே அறிவுரையை மறுபடி வழங்கியது. "யாராச்சும் ஆளு இருக்கீங்களா?" என்றார். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றது பாட். அதுவும் என் வாக்கியமே.

கணினிப் பெண் இன்னும் பேருந்தில் இருந்தார். அவருடைய மேசைத் திரையில் பாட்டை நிறுத்தும் பொத்தான் இருப்பதை அறிவேன். ஆனால் நான் நுழைந்தால் இயந்திரம் தானாக அடங்கும் என்று எண்ணினேன். என் சொந்தக் கைபேசியிலிருந்தே எழுதினேன். பெயர் இடவில்லை, என் நடையே கையொப்பம் என்பது என் நம்பிக்கை.

"வணக்கம். தங்கள் இடர்ப்பாடு கவனத்துக்கு வந்துள்ளது. ரகம், ஊறவைத்த நாள், லாட் எண் ஆகியவற்றை முறையாகத் தெரிவிக்கவும்."

அந்தப் பெண் ஏற்கெனவே எழுதியவற்றைத்தான் கேட்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. மேலே தள்ளிப் படித்திருந்தால் உறைத்திருக்கும். அவர் எழுதுமுன் பாட் எனக்குப் பதில் எழுதியது.

"வணக்கம். தாங்கள் வாங்கிய ரகத்தைத் தெரிவிக்கவும்."

"நான் வாடிக்கையாளன் அல்லன்" என்று எழுதினேன்.

"தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து..."

குழுவில் இன்னொரு விவசாயி நுழைந்தார்: "ரெண்டும் ஒரே மாதிரி பேசுதுங்களே, இதுல எது மெஷினு?"

பதினான்கு பேர் அதற்குச் சிரித்த முகம் இட்டனர்.

கணினிப் பெண் வந்து சேர்ந்தார். நேரே தம் மேசையில் அமர்ந்தார். முதலில் அந்த உரையாடலுக்கு மட்டும் பாட்டை நிறுத்தினார். மற்றவர்களின் கேள்விகளுக்கு அது தொடர்ந்து பதில் சொல்லட்டும் என்றார். பிறகு முதல் வரியிலிருந்து படித்தார். அதன்பின்தான் எழுதினார்:

"அக்கா, நான் கடையிலேர்ந்து பேசுறேன், மெஷின் இல்ல. நீங்க எழுதினது எல்லாம் படிச்சிட்டேன், திரும்பச் சொல்ல வேணாம். விதை முளைக்கலை, நாளையோட தண்ணி நின்னுரும், அதானே? அரை மணியில வழி சொல்றேன். ஃபோன் நம்பரை இங்க போடாதீங்க, தனியா அனுப்புங்க."

"அப்பாடா" என்று மட்டும் பதில் வந்தது.

என் பக்கம் திரும்பினார். "புது விதை குடுத்தா முளை கட்டவே ரெண்டு நாள் ஆகும் சார். உங்க வயலுக்கு முளை கட்டி வச்சிருக்கீங்களே, அது அதே ரகந்தானே?"

அதே ரகந்தான். மறுத்தால் கடையின் பெயர் என்னவாகும் என்று கணக்கிட்டேன். பெருந்தன்மை என்று பிறர் கருதினால் நான் மறுக்கப்போவதில்லை. உச்சிவேளைக்குள் என் விதை குட்டி யானை வண்டியில் கடைமடைக்குப் போயிற்று. அந்த லாட்டின் மற்ற மூட்டைகளையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம். நீக்கிய விதியை அன்று மாலையே மீண்டும் சேர்க்கச் சொன்னேன். "ஏற்கெனவே சேர்த்துட்டேன் சார்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அந்த விவசாயி பச்சை பிடித்த நாற்றங்காலின் படத்தைக் குழுவில் இட்டார். கீழே எழுதியிருந்தார்: "தங்கச்சிக்கு நன்றி. அன்னைக்கு என்னோட சேர்ந்து மெஷின்கிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சாரே ஒரு பெரியவரு, பாவம், அவருக்கும் விதை கெடச்சுதா?"

பாட் இம்முறை விதிப்படி நடந்துகொண்டது: "இதற்கு எங்கள் ஆள் பதில் சொல்வார்."

கணினிப் பெண்ணின் திரை ஒளிர்ந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நாளிதழை விரித்துக்கொண்டேன்.

"அவரையும் கவனிச்சிட்டோம் அக்கா" என்று எழுதினார். "இப்ப தேவலை."