தலைப்பு விழுந்த அட்டவணை

கொத்தனார்கள் அவளை டேப்பக்கா என்பார்கள். கைப்பை இல்லாமல் வேலைக்கு வந்தாலும் வருவாள், அளவு டேப் இல்லாமல் வரமாட்டாள். டிப்ளமோ முடித்த கையோடு ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்து ஆறு வருஷம் பில் எழுதினாள். அதன்பின் கட்டடம் கட்டுவிக்கும் பக்கத்துக்கு மாறி, அப்படி எழுதப்பட்ட பில்களைச் சரிபார்க்கிறாள். “திருடனா இருந்து போலீஸ் ஆனவ” என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். பள்ளி வேன் ஓட்டுகிற மனிதர். அவர் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

அன்று மேசைமேல் பள்ளிக் கட்டடத்துக்கு, வேலை நடக்க நடக்கக் காண்ட்ராக்டர் அனுப்புகிற ரன்னிங் பில்களில் ஐந்தாவது இருந்தது. இரண்டாம் தளத்து வெளிப்பூச்சு 326 சதுர மீட்டர் என்று போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலில் 310தான். அதில் அவளுக்குத் தகராறு இல்லை. 326 என்பது ஜன்னல்களைக் கழித்து அவளே அளந்த அளவு. ரேட்டும் பட்டியலில் உள்ளதுதான். பச்சை டிக் போட்டாள்.

கடைசிப் பக்கத்தில் கூடுதல் வேலை என்று ஒரு வரி. இரண்டாம் தள வெளிப்பூச்சுக்குச் சாரம் கட்டியது: இதுவரை 326, போன பில்லில் 180, இந்தப் பில்லில் 146.

போன பில்லில் அந்த 180-ஐப் பாஸ் செய்தவள் அவள்தான். ஒப்பந்தத்திலிருந்து மேனேஜர் கம்ப்யூட்டரில் பிரித்துக் கொடுத்திருந்த அட்டவணையை வைத்துச் சரிபார்த்தாள். அதில் வெளிப்பூச்சுக்கான வரிசையில் ‘இரண்டாம் தளம்’ என்ற இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன. சாரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று ஏதோ உறுத்த, அலமாரியிலிருந்து ஒப்பந்தத்தின் மூலப் பிரதியை எடுத்துப் பிரித்தாள்.

பதினான்காம் இனம். மேலே தலைப்பாக ஒரு முழுப் பத்தி: இருபது மில்லிமீட்டர் கனத்தில் வெளிப்பூச்சு, எல்லா உயரத்துக்கும் சாரம் கட்டுவதும் பூச்சு இறுகத் தண்ணீர் தெளித்து நீராற்றுவதும் உட்பட. அதன் கீழே அ, ஆ, இ என்று மூன்று தளங்கள். ஒரே தலைப்பு மூன்றுக்கும் சேர்த்துத்தான். அளவும் ரேட்டும் உள்ள வரிகளை மட்டும் அட்டவணைக்குள் அள்ளியபோது, அளவில்லாத தலைப்பு கீழே விழுந்துவிட்டது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. அட்டவணை போட்டவர் மேல் பாதிக் கோபம், அதை அப்படியே நம்பிய தன் மேல் மீதிப் பாதி.

காண்ட்ராக்டரின் பில் எழுத்தர் எதிரில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

“சார், சாரம் ரேட்டுக்குள்ளயே இருக்கு. தனியா எப்படிக் கேட்டீங்க?”

“மேடம், உங்க ஆபீஸ் குடுத்த டேபிள்ல இல்லையே. போன தடவை நீங்களே பாஸ் பண்ணிட்டீங்களே.”

“கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் உங்ககிட்டயும் இருக்கில்ல? அதுல இருக்குன்னு தெரிஞ்சுதானே கேட்டீங்க?”

அவர் சிரித்தார். “கேட்டா குடுக்கறீங்க, கேக்கறோம்.”

அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பி நிறுத்தியது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியில் 326-ஐ அடித்துச் சுழியம் போட்டாள். முந்தைய 180 அப்படியே. இந்தப் பில்லில் கழிவு 180. ரன்னிங் பில் என்பது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டி வருவது. போன தடவைத் தப்பை இந்தத் தடவை பிடித்துக்கொள்ளலாம். பில்லைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள்.

“என்னம்மா இது, மைனஸ்ல போட்டிருக்கே?” மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “தலைமை ஆபீஸ்ல என்னைத்தானே கேப்பாங்க. போனது போகட்டும். ஃபைனல் பில்லுல பாத்துக்கலாம்.”

“ஃபைனல் பில்லு வரும்போது பிடிக்கறதுக்குக் காண்ட்ராக்டருக்கு என்ன சார் பாக்கி இருக்கும்? சரிபார்த்தது நான்னு பில்லுல என் பேரு இருக்கு. ஒரு தடவை தெரியாம போட்டேன். தெரிஞ்சு போடமாட்டேன்.”

“டேபிள் நான் போட்டது. அதுல தப்புங்கறியா?”

“ஆமா சார். அத நம்பினது என் தப்பு. அதையும் எழுதித் தரேன்.”

“நான் இத அடிச்சா?”

“அடிங்க. பக்கத்துல உங்க கையெழுத்தும் தேதியும் போடுங்க.” சிவப்புப் பேனாவை அவர் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் மூடி தெறித்து நாற்காலிக்கடியில் ஓடியது. இருவரும் அதை எடுக்கவில்லை.

மேனேஜர் பில்லைப் பார்த்தார், திறந்து வைத்திருந்த பதினான்காம் இனத்தைப் பார்த்தார், பிறகு தன் நீலப் பேனாவால் அவள் கழித்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு தலை நிமிராமலே சொன்னார்: “திங்கக்கிழமையிலேர்ந்து நீ ஸ்டோருக்குப் போ. சிமெண்ட் மூட்டைய எண்ணு.”

“போறேன் சார். இன்னைக்கு வெள்ளிதானே.”

தன் மேசைக்குத் திரும்பி, அட்டவணையைத் திறந்தாள். மூலப் பிரதியைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பையும் அதன் கீழுள்ள எல்லா வரிகளிலும் முழுசாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அடுத்த பில்லை யார் பார்த்தாலும் இது அவர்கள் கண்ணில் படட்டும். விசைப்பலகை அதிர்ந்த அதிர்வில் எதிரே இருந்த பில் எழுத்தர் காலாட்டுவதை நிறுத்தினார்.