ச.நா. பஸ்

விஜயகுமாரிக்கு எங்கள் பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் வேலை. ஊர் பொங்கலூரிலிருந்து உள்ளடங்கிய தோட்டத்துப் பக்கம். டவுன் பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும். "இன்னொருக்கா இருட்டி வந்தீன்னா வேலைக்கே போக வேண்டாங் கண்ணு" என்று அவள் அப்பா கிட்டுசாமி சொல்லியிருந்தார். வேலை போய்விடுமோ என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

அவளிடம் அப்போது புது கேமரா போன். பஸ் ஸ்டாண்டில் எழுதியிருந்த நேர அட்டவணையைப் படமெடுத்து வந்தாள். எங்கள் ஊர்க்காரன் முனீஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். விஜயகுமாரி கேட்டால் வானத்தையே வில்லாய் வளைப்பான், இது எம்மாத்திரம். ஒவ்வொரு பஸ்ஸையும் காலண்டரில் ஏற்றினான். போர்டில் இருப்பது ஸ்டாண்டில் கிளம்பும் நேரம் என்பதால், எங்கள் ஸ்டாப்புக்குப் பத்து நிமிடம் கூட்டினான். 'வாரந்தோறும்' என்று கொடுத்து, ஓடும் கிழமைகளை டிக் செய்தான். கால் மணி முன்னால் அலாரம் வைத்து, கேபிளில் போனுக்கு மாற்றிக் கொடுத்தான்.

கடைசி பஸ் எங்கள் ஸ்டாப்புக்கு ஏழு மணிக்கு. போர்டில் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ச.நா.' என்று இருந்தது. மங்கலான படத்தில் முனீஸ் அதை 'ச.ஞா.' என்று வாசித்தான். சனி, ஞாயிறு. ஞாயிறு கம்பெனி லீவு, ஆகவே சனிக்கு மட்டும் டிக்.

சனிக்கிழமை வாரச் சம்பளம் போட நேரமாகி, வழக்கமான பஸ் போய்விட்டது. விஜயகுமாரி கவலைப்படவில்லை. அலாரம் அடித்ததும் மூவரும் ஸ்டாப்புக்குப் போனோம். ஏழேகால், ஏழரை. பஸ் வரவில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்து முனீஸ் முகம் செத்துப்போனது.

வந்தது கிட்டுசாமியின் மொபெட்தான். முனீஸ் தானே போய்ப் போனைக் காட்டினான்.

"தப்பு என் மேலதாய்யா. சனி, ஞாயிறுன்னு நெனைச்சுட்டேன்."

"ஏனுங்க தம்பி, அது சந்தை நாளுங்க. எங்கூர்ல வியாழக்கெழம சந்தை. அன்னைக்கு மட்டுந்தான் அந்த பஸ் வருங்க."

விஜயகுமாரி தலை குனிந்து நின்றாள். கிட்டுசாமி போனை வாங்கி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்.

"வியாழனுக்கு மாத்திப் போடுங்க. சனிக்கெழமைய அழிக்க வேண்டாம், என்ற பேரப் போட்டுக்கங்க. சம்பள நாளுக்கு நானே வந்து கூட்டிக்கறேன்."

முனீஸ் அங்கேயே நின்று மாற்றினான். சனி, ஏழு மணி, 'அப்பா'. முடிவுத் தேதி கேட்ட இடத்தை வெறுமையாக விட்டான். சொன்னபடி அவர் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

அந்த பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். விஜயகுமாரி இப்போது ஸ்கூட்டியில் வருகிறாள், செக்கிங்கில் அவள்தான் சூப்பர்வைசர். கிட்டுசாமி போன தை மாதம் தவறிவிட்டார். போன் மாற்றியபோதெல்லாம் காலண்டரும் கூடவே வந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை 'அப்பா' என்று காட்டி அலாரம் அடிக்கும். அவள் நிறுத்துவதில்லை, தானாக ஓயட்டும் என்று விடுகிறாள். ஓய்ந்த பிறகுதான் வண்டிச் சாவியை எடுக்கிறாள்.