மூன்றாம் எண் மூடி

தேனியில் அந்த ஜவுளிக்கடையின் வாசல் கிழக்குப் பார்த்தது. காலை ஒன்பதரைக்குக் கதவு திறந்ததும் நதியா பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். வருகிறவர்கள் மேல் இரண்டு சொட்டுத் தெளித்து, "வாங்க, வாங்க" என்று சிரிக்க வேண்டும். பதினொன்றரை வரைக்கும் வெயில் நேராக முகத்தில் விழும். அதன் பிறகு உள்ளே போய்ப் பட்டுப் பிரிவில் நிற்கலாம். பதினோரு வருடமாக அவள் வேலை இப்படித்தான் நடந்தது.

முப்பத்தாறு வயதில் அவளுடைய இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. முதலில் காப்பிக் கறை மாதிரி ஒரு சின்னத் திட்டு. பிறகு மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு பட்டை. மேலுதட்டிலும் வந்தது. அவள் ஊரான கோம்பையில் பக்கத்து வீட்டு ராஜாத்தி, "கண்ணேறு ஆத்தா. முச்சந்தி மண்ணெடுத்துச் சுத்திப் போடு" என்றாள். சுற்றிப் போட்டார்கள். கண்ணேறாக இருந்தால் அதோடு போயிருக்கும். வெயிலில் வந்தது மண்ணுக்குப் போகவில்லை.

சித்திரைக் கடைசியில் மேலாளர் தமிழ்மாறன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நதியா, கஸ்டமர் ஒருத்தவுக அது ஒட்டுமான்னு கேட்டாக."

"மங்கு எங்கன சார் ஒட்டும்?"

"எனக்குத் தெரியும்மா. அவுகளுக்குத் தெரியணும்ல? கல்யாணப் பட்டு எடுக்க வாரவுக மொதல்ல பாக்குறது உன் மூஞ்சிய. ஆடித் தள்ளுபடிக்குள்ள தெளிஞ்சிரணும். இல்லைன்னா வேற ஆள் போடச் சொல்லி முதலாளி சொல்லிட்டாக."

பதினோரு வருடம் அவளை வெயிலில் நிறுத்திய கடை அது. அந்த வெயில் முகத்தில் எழுதியதைக் குற்றமாகப் படித்ததும் அதே கடைதான். இதை அங்கே யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது அந்தப் பட்டுப் பிரிவு. ஒரு புடவையை ஒரே வீச்சில் விரித்து, முந்தியைத் தன் தோளில் போட்டுக் காட்டினால் வாங்க வந்தவள் வேறு எதையும் பார்க்க மாட்டாள். அவளுக்கு அந்த ஒரு வித்தை தெரியும். அதைச் செய்து காட்ட அந்த ஒரு இடம்தான் இருந்தது.

அந்த வாரமே அவளும் புருஷன் திலீபனும் உத்தமபாளையத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் பார்த்தார், எழுதினார். மூன்று மாதமாவது ஆகும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம், வெயில்தான் முதல் எதிரி என்றார். எந்த மருந்தை எப்படிப் போடுவது என்று வெளியே மேசையில் கைருன்னிசா சொல்லிக் கொடுப்பாள். அவள் பதினைந்து வருடமாக அந்த மேசையில் இருப்பவள். சீட்டில் எழுதினால் தொலைந்துபோகும் என்று ஒவ்வொரு மூடியிலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் போடுவாள்.

"காலைல மூஞ்சி கழுவித் துடைச்சதும் ஒண்ணு. இது சீரம், தண்ணி மாதிரி இருக்கும். அது காஞ்சதும் ரெண்டு, மாய்ஸ்சரைசர். கடைசியா மூணு, சன்ஸ்கிரீன். வீட்ட விட்டுக் கிளம்ப கால் மணி நேரம் முன்னாடி. ராத்திரிக்கு இந்தக் களிம்பு தனி. வெளங்குச்சாம்மா?"

அன்று கூட்டம் நெரிந்தது. இருவரும் தலையாட்டினார்கள்.

திலீபனுக்குத் தன் வழியில் விளங்கியது. அவன் கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் கூலி. பதினாறு வயதிலிருந்து முதுகில் தெளிப்பான் சுமக்கிறவன். மூன்று மருந்து என்றால் மூன்று தடவை தோட்டத்தைச் சுற்றி வர எந்த முதலாளியும் விட மாட்டார். எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே அடியாக அடிக்க வேண்டும். ஆனால் கலப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தூள், அடுத்து திரவம், இலையில் ஒட்டி நிற்பதற்கான பசை கடைசியில். வரிசை மாறினால் திரிந்துவிடும். மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்ததும் அவன் புரிந்துகொண்டது அதைத்தான். அது கலக்கும் வரிசை. மூன்றாவது, பசை.

நதியாவுக்கு ஏழு மணிப் பேருந்து. சோறாக்கி, டிபன் கட்டி, தலை பின்னி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். "நீ அடுப்பப் பாரு புள்ள. இத நான் பாத்துக்கிறேன்" என்றான். ஞாயிறுதோறும் ஒரு சின்ன டப்பாவில் மூன்றையும் எண் வரிசைப்படி பிழிந்து, சுத்தமான கரண்டிக் காம்பால் கட்டி இல்லாமல் கலக்குவான். ஒரு வாரத்துக்கு ஒரு டப்பா. காலையில் பேருந்துக்கு ஓடும்போது அதிலிருந்து ஒரு விரல் எடுத்து அவள் முகத்தில் இழுக்க வேண்டியதுதான்.

"மருந்துக்காரன் பொண்டாட்டிக்கு மருந்து" என்று அவள் சிரிப்பாள்.

"இந்த அடில புழு பூராம் செத்துரும் பாரு."

அவனுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வேலையை அவன் அவளுக்குச் செய்தான். நான் இதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அன்பில் குறை ஒன்றும் இல்லை. தகவலில்தான் குறை. அன்பு இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் அந்த டப்பாவைப் பார்த்திருக்க வேண்டும்.

வைகாசியில் மங்கு கறுத்தது. ஆனியில் இன்னும் கறுத்தது. "உள்ள இருக்கறது வெளிய வருது போல" என்று திலீபன் தேற்றினான். அவள் பன்னீர் தெளிக்கும்போது முந்தியால் ஒரு கன்னத்தை மறைத்துக்கொள்ளப் பழகினாள். ஆனி நடுவில் மறுபடி உத்தமபாளையம் போனார்கள். கைருன்னிசா மருந்துகளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன, மூணும் ஒரே அளவு கொறஞ்சிருக்கு? ரெண்டு மாசத்துல சன்ஸ்கிரீன் ரெண்டு டியூபாவது தீந்திருக்கணும்மா. இங்கன பாதி அப்படியே கெடக்கே. எப்படிப் போடுற?"

திலீபன் முந்திக்கொண்டான். "நான்தான்க்கா கலந்து குடுக்கேன். நீங்க போட்ட நம்பர் பிரகாரந்தான். வரிசை மாறவே இல்ல."

கைருன்னிசா பேனாவைக் கீழே வைத்தாள்.

"கலந்தா?"

"டேங்க் மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு."

 அவள் திட்டாமல் சொன்னாள். அவன் அதன் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டது அந்தத் திட்டாத குரலைத்தான்.

"தம்பி, இது கலக்குற வரிசை இல்ல. போடுற வரிசை. சீரம் வெறுந்தோல்ல படணும், அப்பத்தான் உள்ள எறங்கும். அது மேல மாய்ஸ்சரைசர். சன்ஸ்கிரீன் எல்லாத்துக்கும் மேல, கெட்டியா, ஒரு தாள் விரிச்ச மாதிரி படியணும். அந்தத் தாள்தான் வெயில நிறுத்தும். நீ அதக் கரைச்சுட்ட. பாலுல ரெண்டு பங்கு தண்ணி ஊத்தின மாதிரி. அங்கங்க ஓட்டை விழுந்து தாளே இல்லாமப் போயிரும். அதுலயும் ஒரு விரல்ல தொட்டு இழுத்தா என்ன மிஞ்சும்?"

"அப்ப இந்த ரெண்டு மாசம்..."

"சும்மா வெயில்லதான் நின்னிருக்கு உன் பொண்டாட்டி." சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு என் பேர்லயும் இருக்கு. அன்னைக்கி ஒருக்காப் போட்டுக் காட்டிருக்கணும். கலக்கக் கூடாதுன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல."

நதியா கேட்டது ஒரே கேள்வி. "ஆடி ஒண்ணுக்கு எத்தன நாள் இருக்குக்கா?"

பதினெட்டு நாள் இருந்தது.

அந்தப் பதினெட்டு நாளும் திலீபன் ஐந்தரைக்கு எழுந்து அடுப்பைத் தானே பார்த்தான். நதியா முகம் கழுவித் துடைத்துக் கண்ணாடி முன் உட்காருவாள். சீரம். அது காயும் வரை அவன் சோறு வடிப்பான். மாய்ஸ்சரைசர். அது இறங்கும் வரை டிபன் கட்டுவான். அப்புறம் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்கு சன்ஸ்கிரீன் பிழிந்து, முகத்துக்கும் கழுத்துக்கும். காதோரம் விட்டுப்போனால், "அங்கன, அங்கன" என்று காட்டுவான். தொட மாட்டான். கலந்த டப்பாவை அவன் எங்கே எறிந்தான் என்று அவள் கேட்கவில்லை. முன்பு போல "மருந்துக்காரன் பொண்டாட்டி" என்று சிரிக்கவும் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். வாசலை விட்டு நகர அனுமதி இல்லாததால் பத்தரை மணிப் பூச்சு மட்டும் நடக்கவே இல்லை. குடை பிடித்து நிற்கட்டுமா என்று கேட்டதற்கு, "இது என்ன சாவு வீடா?" என்றார் தமிழ்மாறன்.

பதினெட்டு நாளில் மங்கு போகாது. மேலும் கறுக்காமல் நின்றது. அதுவே பெரிய சங்கதி என்பது மருத்துவருக்குத் தெரியும். கடைக்குத் தெரியாது.

ஆடி ஒன்றாம் தேதி அவள் போனபோது வாசலில் பன்னீர்ச் செம்போடு திரிஷா நின்றாள். பில் போடும் இடத்தில் இருந்தவள், இருபது வயது, வெளுத்த முகம். நதியாவைப் பார்த்ததும் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கேக்கலக்கா. சார்தான்..."

"தெரியும்டி. நேரா நிக்காத. தூணுக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி நில்லு. அங்கன கொஞ்சம் நெழலு."

அவ்வளவுதான் சொன்னாள். கணக்கை முடித்துக்கொண்டு வந்தாள். பட்டுப் பிரிவுக்குள் போகவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கோம்பைக்குக் கிழக்கே தக்காளித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போனாள். மறைவு இல்லாத பொட்டல் வெயில். முதல் நாள் காலை திலீபன் மூன்றையும் வரிசையாகக் கண்ணாடி முன் எடுத்து வைத்திருந்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைத்துண்டைக் கட்டிக் கிளம்பிவிட்டாள்.

பத்து மணி வாக்கில் அவன் பைக்கில் தோட்டத்துக்கு வந்தான். பாதி வேலையில் வந்திருக்கிறான். சட்டையில் நீலப் புள்ளி, கையெல்லாம் மருந்து. அவனுக்கு இருபது வருடமாக ஒரு கையுறை, ஒரு முகமூடி எந்தத் தோட்டக்காரரும் தந்தது இல்லை. வரப்பில் நின்று டியூபை நீட்டினான்.

"வெயில் கடைக்கு மட்டுமா புள்ள அடிக்குது? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு சொன்னாகல்ல."

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "அடியே, மாப்பிள்ளை பவுடர் கொண்டாந்துருக்காரு!"

நதியா நிமிர்ந்தாள். அவன் மூடியைத் திருகப் போனான். அவள் பார்வை அவன் கையில் நின்றது.

"தொறக்காதீக. மருந்துக் கை."

அவன் கையைப் பார்த்தான். துடைக்க வேட்டி நுனியைத் தேடினான். அதிலும் மருந்து.

"கழுவிட்டு வரட்டா? அந்தா வாய்க்கால்ல..."

"வேணாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். "இங்கன என் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்? போங்க. வேலை கெடுது."

கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். மூன்று என்று எழுதிய மூடியைத் திறக்காமல், அழுத்திப் பிடிக்கவும் பயந்து, இரண்டு விரலால் ஏந்திக்கொண்டு, அவன் வரப்பிலேயே நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.