இருபத்திரண்டு அட்டைகளும் மூன்று கேள்விகளும்

இருபத்திரண்டு பேரை வாசித்திருந்தும், அவர்களில் யார் யாரோடு உடன்படவில்லை என்று நான் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?

என் ஆய்வு மஹய்யாவக் கோயில் திருவிழாவைப் பற்றியது. சடங்கு குறித்த முன்னைய ஆய்வுகளை மதிப்பிடும் அத்தியாயத்தைப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒரு தடவை திருப்பியிருந்தது. மறுபடியும் திருப்பினால் என் ஆய்வு மாணவர் பதிவு போய்விடும். வாசித்த ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பட்டை, அகரவரிசை, அத்தியாயத்தில் ஆளுக்கொரு பந்தி: என் ஒழுங்கு அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னோடு ஆய்வு செய்த தோழி நூலகத்து வாசலில் அந்த அத்தியாயத்தை வாசித்தார்.

“உதென்ன, ரெலிபோன் புத்தகமே? ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.”

“அவங்கள்ல பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் படிச்சதே இல்லீங்க.”

“அதுக்கென்ன? ஒரே கேள்விக்கு வேற வேற மறுமொழி சொல்லியிருக்கினம்தானே. கேள்வியைப் பிடியும்.”

அன்றே அவர் விடுமுறைக்கு ஊர் போய்விட்டார். அம்பிட்டியவில் நான் இருந்த வீட்டின் மற்ற அறைகளும் பூட்டியிருந்தன. மூன்று நாள் கடைக்காரரைத் தவிர எவரோடும் பேசவில்லை.

அட்டைகளைத் தரையில் பரப்பினேன். அவர்களைப் பிரிக்கும் மூன்று கேள்விகள் கிடைத்தன. சடங்கு ஒரு பொருளை உணர்த்துகிறதா, பொருள் தெரியாமலே செய்யப்படும் செயலா? அது அன்றாடச் செயல்களிலிருந்து வேறான வகையா, அதே செயல்கள் வேறு விதமாகச் செய்யப்படுவதா? அது மக்களை ஒன்றாக்குகிறதா, ஏற்றத்தாழ்வைக் காக்கிறதா? பலருடைய அட்டை இரண்டு இடங்களில் தேவைப்பட்டது; படியெடுத்தேன். ஒருவர் பிற்காலத்தில் தம் கருத்தையே மாற்றியிருந்தார்; அவர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி இரு பக்கமும் வைத்தேன். இன்னொருவர் மூன்று கேள்விகளில் எதையும் கேட்டவர் அல்லர். ஒரு கேள்வியின் எதிரணிக்கு ஆள் குறைந்ததால் அவரை அங்கே தள்ளிவிட மனம் வந்தது. அவர் சொல்லாததைச் சொன்னதாக அடுத்து வருபவர்களும் எழுதுவார்கள் என்று எண்ணி, தனியே வைத்தேன்.

கடைசிக் கேள்வியில் கை நின்றது. ஒன்றாக்குகிறது என்றவர்களும் மறுத்தவர்களும் ஊர்வலத்தில் நின்றவர்களையே பார்த்திருந்தார்கள். கோயிலின் பின்னால் அண்டா கழுவும் அக்கா என்னிடம் சொன்னது என் குறிப்பேட்டில் இருந்தது: “சாமி வெளிய வர்றத நான் ஒரு வருஷமும் பார்த்ததில்லீங்க தம்பி. நமக்கு அடுப்படிதான்.” அவர் அந்தச் சடங்குக்கு உள்ளேயா, வெளியேயா? இரு அணியும் அதைக் கேட்கவில்லை. என் ஆய்வுக்குரிய இடம் அங்கேதான் இருந்தது. அகரவரிசையில் அது ஒருபோதும் தெரிந்திராது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தோழிக்கு அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. மழை வெளியே பெய்துகொண்டிருந்தது. விவாதத்தை இரு தரப்புக் குரலிலும் நானே உரக்க வாசித்தேன்.

மூன்று கேள்விகளின்படி மாற்றி எழுதிய அத்தியாயத்தைக் குழு ஏற்றது. இப்போது குறிப்பெடுக்கும்போது, அட்டையின் தலைப்பில் கேள்வியை எழுதுகிறேன். ஆசிரியர் பெயர் அதற்குக் கீழே வருகிறது.