தளி ரோட்டைப் பார்த்த குழாய்கள்

என் மைக்செட்டைப் பற்றி நான் எப்போதும் பெருமையடித்துக்கொண்டது தூரத்தை வைத்துத்தான். தளி பக்கத்துக் கிராமத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, அடுத்த ஊரில் இருக்கும் மச்சானுக்குப் போன் போடுவேன். "கேக்குதா?" என்பேன். "நல்லா கேக்குது மாமா" என்பான். அவ்வளவுதான் என் பரிசோதனை. திருவிழா நடத்துகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன திருவிழா.

குழாய் ஸ்பீக்கர் ஒரு கெட்டிக்காரப் பொருள். வாலில் இருக்கும் யூனிட்டுக்குள் டப்பா மூடி அளவுக்கு ஒரு மெல்லிய தகடு. அதை வெட்டவெளியில் ஆட்டினால் காற்று விலகிக்கொண்டு போய்விடும், பக்கத்தில் நிற்பவனுக்கே சரியாகக் கேட்காது. குழாயின் தொண்டை குறுகலாக இருப்பதால் அங்கே காற்று விலக இடமில்லை. தகடு தள்ளுகிற தள்ளு முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது. பிறகு குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, அந்தத் தள்ளலை வெளிக்காற்றின் கையில் ஒப்படைக்கிறது. பெரிய பெட்டி ஸ்பீக்கர் வாங்குகிற கரண்டில் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடும். குழாய்க்கு ஒரு கார் பேட்டரியும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் போதும், ஊரையே எழுப்பிவிடும்.

இவ்வளவு தருகிறதே, பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்ததும் இல்லை. மைக்செட்காரன் உட்காருவது குழாய்க்குப் பின்னால், மர நிழலில். முன்னால் உட்கார்ந்தால் மைக் விசில் அடிக்கும், காதும் வலிக்கும். பின்னால் சத்தம் சாதுவாகத்தான் இருக்கும். சாதுவாக இருக்கிறதே என்று வால்யூமை இன்னும் ஏற்றுவோம்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குக் குழாய்களைப் புளியமரத்தில் கட்டினேன். எல்லாமே தளி ரோட்டைப் பார்த்து. மரத்துக்குப் பக்கவாட்டில், சோளக்கொல்லையைத் தாண்டி, ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர்களின் தகர ஷெட்டுகள் இருந்தன. வெளியூர்க் குடும்பங்கள். அந்தப் பக்கம் ஒரு குழாயாவது திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே வனத்துறை வாட்சர் பைக்கில் வந்து நின்றார். கர்நாடகா பக்கமிருந்து இறங்கிய கூட்டத்திலிருந்து ஒற்றை யானை பிரிந்து ஏரிக்கரையோரமாக வருகிறது என்றார்.

"மைக்குல சொல்லுப்பா. ஒருத்தரும் வூட்ட வுட்டு வெளிய வரக்கூடாது. தமிழ்ல சொல்லு, கன்னடத்துலயும் சொல்லு" என்றார்.

நான் பாட்டை நிறுத்தி வால்யூமை முழுக்க ஏற்றி, மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு கத்தினேன். "ஆனெ பந்திதெ" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, ஆனை வந்திருக்கு என்று தமிழில் மாற்றி, யாரும் வெளியே வராதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். ரோட்டில் நின்றவர்கள் சட்டென்று வீட்டுக்குள் போவதைப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு மிதப்பு வந்தது. நான் ஒருவன் ஊரையே கட்டுப்படுத்துகிறேன்.

திரும்பிப் பார்த்தால், ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கையில் குண்டானும் தட்டும். நான் இன்னும் கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள். சோளக்கொல்லை மறுகோடியில் கதிர்கள் அசைவதை வாட்சர் பார்த்துவிட்டு, பைக்கை வரப்பிலேயே ஓட்டிக்கொண்டு போய், கையை ஆட்டி அவர்களை விரட்டினார். திரும்பி ஓடினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வாய்க்காலில் விழுந்தாள். யானை அவளுக்குப் பின்னால் கொல்லையிலிருந்து இறங்கி, வேலியை மிதித்துக்கொண்டு பண்ணைக்குள் போய்விட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. ரோஜா வெட்டுகிற கை.

யானை போன பிறகு நான் ஓடிப்போய் முதலில் செய்த காரியம், அவளைத் திட்டியதுதான்.

"அவ்ளோ கத்தறேன், காதுல இன்னாத்த வெச்சிகினு இருந்தீங்க?"

அவள் வலியோடு என்னைப் பார்த்தாள். "சோத்துக்குக் கூப்புட்றீங்கன்னு நெனச்சோம்ணா. நேத்து அன்னதானத்துக்கு அப்டித்தான கூப்டீங்க."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆட்டோவில் அவளை ஏற்றி அனுப்பிய பிறகும், படிக்காத ஜனம் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் மனசு கேட்காமல் ஷெட்டுகள் பக்கம் போய் நின்றேன். என் கூட்டாளி புளியமரத்தடியில் பாட்டுப் போட்டான். நன்றாகத்தான் கேட்டது, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. போன் செய்து, "மைக்குல எதையாவது பேசு, இன்னான்னு எங்கிட்ட சொல்லாத" என்றேன். பேசினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பானைக்குள் ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. டார்ச் வெளிச்சம் போல, பேச்சின் கூர்மையெல்லாம் குழாயின் வாய்க்கு நேராகவே போகிறது. ச, த, ப என்று வார்த்தைக்கு விளிம்பு கட்டுகிற ஒலிகள் பக்கவாட்டில் திரும்புவதில்லை. அங்கே வந்து சேருவது மொத்தையான முழக்கம் மட்டும். அடிக்குரல் வரவேண்டுமென்றால் குழாயின் வாய் ஆளுயரத்துக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும், நம் குழாய்க்கு ஏது அவ்வளவு வாய். அதனால் யார் பேசினாலும் தகரக்குரல். அதோடு, அந்தக் குறுகிய தொண்டையில் காற்றே நெரிபடுகிறது. கத்தினால் ஆம்ப்ளிஃபயரும் திணறி, இருக்கிற எழுத்தையும் சிதைத்துவிடுகிறது. மெதுவாக, மைக்கைத் தள்ளிப் பிடித்துப் பேசியிருந்தால் பாதியாவது புரிந்திருக்கும்.

இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் "கேக்குதா?" என்றுதான். "புரியுதா?" என்று ஒருவரையும் கேட்டதில்லை. பாட்டு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், மைக் டெஸ்டிங்கும் தெரியும். தெரிந்ததைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்த ஒரே நாளில், நான் சொன்னதைச் சோறு என்று நிரப்பிக்கொண்டார்கள். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் நான் அவளிடம் கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப என் காதிலேயே விழுந்தது.

கடைசி நாள் தர்மகர்த்தா எனக்குச் சால்வை போர்த்தினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மா வாப்பா, ரோட்டுக்காரங்கல்லாம் உன்னியத்தான் சொல்றாங்கோ" என்று மேடைக்கு இழுத்தார். என் மைக்கிலேயே, தக்க சமயத்தில் எச்சரித்து ஊர் உயிர்களைக் காப்பாற்றியவர் என்று முழங்கினார். கை தட்டினார்கள். வாட்சர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தட்டினார். உண்மையைச் சொல்ல மைக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மேடையின் பக்கவாட்டில், அன்னதான வரிசையில், கட்டுப்போட்ட கையோடு அவள் நின்றிருந்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"உங்களுக்கு எதுக்குண்ணா சால்வ போட்டாங்க? மைக்குல பேசனது ஒண்ணும் வெளங்கல."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆன வருது, வெளிய வராதீங்கன்னு மைக்குல சொன்னேன்ல, அதுக்கும்மா" என்றேன்.

கிண்டலுக்கில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"யாருக்குண்ணா சொன்னீங்க?"